குழந்தை காயை கண்டாலே ஓடுதா? நாம வழக்கமா பண்ற சில தப்புங்க

எங்க அபார்ட்மென்ட்ல மேல் வீட்டு குட்டிப்பொண்ணுக்கு ரெண்டரை வயசு. தயிர்சாதம், சர்க்கரை தொட்ட இட்லி, பிஸ்கட், முறுக்கு, அப்பளம், பால், அவ்ளோதான் அவ மெனு. முன்னாடி மசிச்ச கேரட், பூசணி எல்லாம் சாப்ட்டவதான், ஒன்றரை வயசுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா நிறுத்திட்டா, அதுல அவங்க அம்மாக்கு ரொம்ப கவலை.

முதல் தப்பு இங்கதான் ஆரம்பிக்குது, இத பிடிவாதம்னு நினைக்கிறது. ரெண்டுல இருந்து ஆறு வயசு வரைக்கும் புது சாப்பாட்டை கண்டு தயங்குறது குழந்தைங்களுக்கு சகஜம், நடக்க ஆரம்பிச்ச பிள்ளை கண்டதையும் வாயில போட்டு விஷமாகிடாம இருக்க வந்த பாதுகாப்பா இருக்கலாம்னு சொல்றாங்க. கசப்பு நமக்கு தெரியுறத விட அவங்களுக்கு தூக்கலா தெரியும், கீரையும் பாகற்காயும் முதல்ல தோத்துப்போறது அதனாலதான். இன்னொண்ணு, முதல் வருஷத்துல ஆறேழு கிலோ ஏறுற குழந்தை அடுத்த வருஷம் ரெண்டு ரெண்டரை கிலோதான் ஏறும், அப்போ பசியும் குறையத்தான் செய்யும். அத பாத்து பயந்துதான் வீட்ல துரத்தி துரத்தி ஊட்ட ஆரம்பிக்கிறோம்.

அந்த வீட்ல ஒரு நாள் எப்படி போகுதுன்னு கேட்டேன். காலைல எழுந்ததும் ஒரு டம்ளர் பால், ஒன்பது மணிக்கு அரை இட்லி, பத்தரைக்கு பிஸ்கட், மதியம் போன்ல ரைம்ஸ் ஓட விட்டு பாட்டி ஊட்டுற சாதம், நாலு மணிக்கு மறுபடி பால், ஆறு மணிக்கு முறுக்கு, ராத்திரி தோசை சாப்பிடலையேன்னு இன்னொரு டம்ளர் பால். டம்ளர் 200 மில்லின்னா பாலே 600 ஆச்சு! இந்த வயசுக்கு 400, 500 மில்லிக்கு மேல போனா வயிறு அதுலயே ரொம்பிடும், பால்ல இரும்புச்சத்தும் ரொம்ப கம்மி, அப்புறம் பீன்ஸ் பொரியலுக்கு எங்க இடம் இருக்கும்? சாப்பிடலன்னா பால் வரும்னு அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு.

அதனால முதல்ல அவங்க காயையே தொடல, நேரத்தைதான் மாத்தினாங்க. பால் ரெண்டு டம்ளர், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். நடுவுல ரெண்டரை மூணு மணி நேரம் தண்ணி மட்டும். பாட்டி ஒத்துக்கத்தான் கொஞ்சம் நாளாச்சு (புள்ள பட்டினி கிடக்குதேன்னு அவங்களுக்கு மனசு கேக்கல, அதுவும் நியாயம்தான்).

அப்புறம்தான் கேரட். கசப்பில்லாத காய்ல ஆரம்பிச்சா ஈஸி. நல்லா வேகவெச்சு விரல்ல பிடிக்கிற மாதிரி ரெண்டே ரெண்டு துண்டு, தயிர்சாதம் பக்கத்துல, அதே தட்டுல. பச்சை கேரட் குடுக்காதீங்க, தொண்டைல சிக்கிக்கும். வெச்சதோட சரி, "ஒரு வாய் மட்டும்" கூட சொல்லக்கூடாது. என்ன வைக்கணும், எப்போ வைக்கணும்ங்கிறது நம்ம வேலை, எவ்ளோ சாப்பிடணும்ங்கிறது அவ வேலை. முதல்ல தட்டை விட்டு தள்ளி எறிஞ்சா, அப்புறம் தொட்டா, மோந்தா, ஒரு நாள் நக்கிட்டு துப்பினா. துப்புறதும் முன்னேற்றம்தாங்க. பெரும்பாலான வீட்ல மூணாவது நாலாவது தடவைலயே "இவளுக்கு கேரட் பிடிக்காது"ன்னு முடிவு பண்ணிடுறோம், ஆனா ஒரு காய் பழக எட்டுல இருந்து பதினஞ்சு தடவை, சில குழந்தைக்கு அதுக்கு மேலயும் ஆகும். தினமும் வேணாம், வாரத்துல ரெண்டு மூணு நாள் வெச்சாலே போதும், கூட உக்காந்து நாமளும் அதையே சாப்பிடணும்.

"பொரியல் சாப்ட்டா சாக்லேட்" டீல் வேலை செய்யுற மாதிரிதான் தெரியும், ஆனா சாக்லேட் இன்னும் உசத்தியாகும், பொரியல் தண்டனையாகும். போன் காட்டி ஊட்டுறதும் அப்படித்தான், வாய்ல போனது என்னன்னே தெரியாதப்போ எப்படி பழகும்? தோசை மாவுல கேரட்டை அரைச்சு ஒளிக்கிறது சத்துக்கு ஓகே, ஆனா கேரட்டை ஏத்துக்க அது கத்துக்குடுக்காது, கண்டுபிடிச்சா தோசையையும் நிறுத்திடுவாங்க, அந்த ரிஸ்க் இருக்கு.

இதெல்லாம் எல்லா குழந்தைக்கும் பொருந்தாது. எடை ஏறாம நிக்குது இல்ல குறையுது, கட்டியா எது குடுத்தாலும் குமட்டுது, ஏற்கனவே சாப்ட்டதும் ஒவ்வொண்ணா போய் நாலஞ்சு ஐட்டம்ல நிக்குது, பேச்சும் கண் பாத்து பழகுறதும் லேட்டா இருக்குன்னா காத்திருக்காம குழந்தை டாக்டர்கிட்ட போங்க. வெளிறிப்போய் மண்ணு, சாக்பீஸ், சுவத்து சுண்ணாம்புன்னு தின்னா ரத்தசோகை இருக்கான்னு பிளட் டெஸ்ட் எடுத்து பாக்கச் சொல்லுங்க, ஏன்னா இரும்புச்சத்து குறைஞ்சாலே பசி மந்தமாகும், அப்போ மேல சொன்ன எதுவும் தனியா எடுபடாது.