'எவான்துவெல்மான்' என்றால் கடைசியில் அல்ல

பாரிசிலிருக்கும் மச்சானுக்கு வந்த பிரெஞ்சுக் கடிதமொன்றை இங்கே திருகோணமலையில் இருந்து தமிழாக்கிக் கொடுத்தேன். கொண்டுபோக வேண்டிய பத்திரங்களின் வரிசையில், விவாகச் சான்றிதழுக்கு முன்னால் 'எவான்துவெல்மான்' என்றொரு சொல். எழுத்தில் பார்த்தால் ஆங்கில 'இவென்சுவலி' மாதிரியே இருக்கும். 'இறுதியில் விவாகச் சான்றிதழ்' என்று எழுதிவிட்டேன். கலியாணமே ஆகாத மச்சான் பயந்துபோனான்!

பிரெஞ்சில் அது, நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்பதற்கான சொல். பத்திர வரிசையில் வந்தால் 'இருந்தால்' என்று போடுங்கள்: 'விவாகச் சான்றிதழ் (இருந்தால்)'. வாக்கியத்தில் வினையோடு வந்தால் 'சிலவேளை' பொருந்தும்: 'சிலவேளை நாளை வருவார்'. 'கடைசியில்' என்று சொல்லப் பிரெஞ்சில் 'ஃபினால்மான்' தனியாக இருக்கிறது.