மன்றத்துக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம்: சாவி எத்தனை பேரிடம் இருக்க வேண்டும்?

நான் உறுப்பினராக இருந்த ஒரு குடியிருப்பு மன்றத்தில், ஆர்வமுள்ள ஒருவர் மன்றத்தின் பெயரிலேயே தனிநபர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதன் கடவுச்சொல்லை நான்கு பேருக்குச் சொல்லி வைத்தார். சில மாதங்களில் யாரோ கடவுச்சொல்லை மாற்றினார்கள். யார் மாற்றியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் நான்கு பேரும் ஒரே ஆளாகத்தான் உள்ளே போயிருந்தார்கள். அந்தக் கணக்கு இன்னும் இணையத்தில் அனாதையாக நிற்கிறது. கீழே உள்ள முறை அந்த அனுபவத்தில் பிறந்தது.

முதலில் பக்கம்

தனிநபர் கணக்கு மனிதருக்கு உரியது. மன்றத்துக்கு உரியது ‘பக்கம்’. மன்றத்தின் பெயரில் தனிநபர் கணக்கு தொடங்குவது ஃபேஸ்புக் விதிகளுக்கு முரணானது. புகார் வந்தால் கணக்கு முடக்கப்படலாம். பக்கத்துக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. நிர்வாகிகள் ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கணக்கின் வழியாகவே அதற்குள் நுழைகிறார்கள். பதிவு மன்றத்தின் பெயரில் வரும். எழுதியவர் யார் என்பது வாசிப்பவருக்குத் தெரியாது.

உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, பட்டியலில் Pages என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய பக்கம் உருவாக்கும் பொத்தானை அழுத்துங்கள். பெயர், வகை, சிறு அறிமுகம் ஆகிய மூன்றும் கேட்கப்படும். பெயரில் மட்டும் நிதானம் தேவை. மன்றத்தின் பதிவேட்டில் உள்ள பெயரோடு பகுதியின் பெயரையும் சேர்த்து வையுங்கள். ‘நண்பர்கள் மன்றம்’ என்று மட்டும் வைத்தால் தேடுபவருக்கு உலகத்து நண்பர்கள் மன்றங்கள் எல்லாம் வந்து நிற்கும். வகையும் அறிமுகமும் பின்னால் மாற்றக்கூடியவை, அவற்றில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பக்கம் உருவானதும் மேலே உள்ள உங்கள் முகப்படத்தை அழுத்தினால், உங்கள் கணக்குக்கும் பக்கத்துக்கும் இடையே மாறிக்கொள்ளலாம். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அண்டை வீட்டாரின் பிறந்தநாள் படத்துக்கு மன்றத்தின் பெயரில் வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தலையில் கைவைப்பவர்கள் உண்டு. எதையும் எழுதும் முன் அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள்.

அடுத்து நிர்வாகிகள், பதிவுகள் அதற்குப் பிறகுதான்

பக்கத்தை உருவாக்கியவருக்கு முழுக் கட்டுப்பாடு தானாகவே வந்துவிடும். அவர் ஒருவரிடம் மட்டும் அது இருக்கும் நாள்கள்தான் ஆபத்தானவை. அவர் கணக்கை இழந்தால் மன்றமும் பக்கத்தை இழக்கும். எனவே முதல் பதிவு போடுவதற்கு முன்பே இரண்டாமவரைச் சேருங்கள்.

பக்கத்துக்கு மாறிக்கொண்டு, அமைப்புகளுக்குள் சென்று, Page access என்பதைத் திறவுங்கள். ஃபேஸ்புக் வழியாக அணுகும் நபர்கள் என்ற பகுதியில் Add New அழுத்தி, சேர்க்க வேண்டியவரின் பெயரையோ மின்னஞ்சலையோ தேடுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். முகப்படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து வரும் திரையில் முழுக் கட்டுப்பாடு தரும் விசை ஒன்று இருக்கும். அதை அணைத்து வைத்தால் பகுதிக் கட்டுப்பாடு, போட்டால் முழுக் கட்டுப்பாடு. உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு உறுதி செய்த பிறகு அவருக்கு அழைப்பு போகும். அவர் அதை ஏற்கும் வரை அவர் நிர்வாகி அல்லர். ‘சேர்த்துவிட்டேன்’ என்று கூட்டத்தில் சொல்லும் முன், அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று அதே இடத்தில் பாருங்கள்.

பகுதிக் கட்டுப்பாடு உள்ளவர் பதிவு எழுதலாம், செய்திகளுக்குப் பதில் தரலாம், பின்னூட்டங்களை நீக்கலாம். பிறரைச் சேர்க்கவோ விலக்கவோ, பக்கத்தை அழிக்கவோ அவரால் முடியாது. முழுக் கட்டுப்பாடு உள்ளவரால் எல்லாம் முடியும். உருவாக்கிய உங்களையே வெளியேற்றவும் முடியும். உருவாக்கியவர் என்பதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு மன்றத்தை எடுத்துக்கொள்வோம். தலைவருக்கும் செயலாளருக்கும் முழுக் கட்டுப்பாடு. பொருளாளர், விளையாட்டுப் பொறுப்பாளர், படம் எடுப்பவர் ஆகிய மூவருக்கும் பகுதிக் கட்டுப்பாடு. பதவியின் மரியாதைக்காக எல்லோருக்கும் முழுக் கட்டுப்பாடு கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஐவரில் எவருடைய கணக்கு களவுபோனாலும், திருடன் மற்ற நால்வரையும் சில நிமிடங்களில் விலக்கிவிடலாம். அதனாலேயே முழுக் கட்டுப்பாடு உள்ள இருவரும், கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரு கட்டச் சரிபார்ப்பைத் தங்கள் கணக்கில் இயக்கியிருக்க வேண்டும். கணக்கு அமைப்புகளில் Two-factor authentication என்ற பெயரில் அது இருக்கும்.

பொறுப்பு மாறும்போது வரிசை முக்கியம்: புதியவரைச் சேர்த்து, அவர் அழைப்பை ஏற்று, ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகே பழையவரை விலக்குங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால், மீதியிருக்கும் ஒருவருடைய தொலைபேசி தொலைந்த நாளில் மன்றம் வாசலுக்கு வெளியே நிற்கும்.

பதிவுகளுக்கு நேரம் குறித்தல்

கணினியில் business.facebook.com என்ற முகவரிக்குச் செல்லுங்கள். இங்கே Planner என்ற பகுதி ஒரு நாட்காட்டி. பதிவை எழுதி, Set date and time என்ற விசையைப் போட்டு, நாளையும் நேரத்தையும் தந்து, Schedule அழுத்தினால் பதிவு நாட்காட்டியில் போய் உட்காரும். குறித்த நேரத்தில் உங்கள் கணினி அணைந்திருந்தாலும் அது வெளியாகும்.

மாதக் கூட்டம் 14-ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரே அமர்வில் மூன்று பதிவுகளை எழுதிவிடலாம். 7-ஆம் தேதி ஞாயிறு மாலை 6 மணிக்கு முழு அழைப்பு; 11-ஆம் தேதி வியாழன் இரவு 8 மணிக்கு விவாதப் பொருள்கள்; 13-ஆம் தேதி சனி இரவு 7 மணிக்கு இரண்டு வரி நினைவூட்டல். நாள், நேரம், இடம் மூன்றையும் பதிவின் எழுத்திலேயே தாருங்கள். எழுத்தைத் திருத்த ஒரு நிமிடம் போதும். படத்துக்குள் எழுதிய தேதி தவறினால் புதிய படமே செய்ய வேண்டும். ‘நாளை’ என்று எழுதாமல் ‘14-ஆம் தேதி’ என்று எழுதுங்கள். ஞாயிறன்று பதிவைப் பார்ப்பவருக்கு ‘நாளை’ என்பது திங்களாகிவிடும்.

குறித்து முடித்ததும் நாட்காட்டியில் மூன்றும் சரியான கட்டங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். காலை 7 என்றும் மாலை 7 என்றும் மாறிப்போவதுதான் அடிக்கடி நேரும் பிழை. திரையில் தெரியும் நேரம் நீங்கள் இருக்கும் இடத்தின் நேரம். செயலாளர் வெளிநாட்டில் இருந்தபடி ‘மாலை 6’ என்று குறித்தால், ஊரில் அது நள்ளிரவாகவும் இருக்கலாம்.

குறித்த பதிவுக்கு நடப்பு தெரியாது. மழையால் கூட்டம் தள்ளிப்போனாலும் சனி இரவு ‘மறவாமல் வாருங்கள்’ என்று அது சொல்லிவிடும். ஆகவே தேதி மாறியதும் முதல் வேலையாக Planner-ஐத் திறந்து, அந்தக் கூட்டம் பற்றிக் காத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். குறித்தவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. பதிவு எழுதும் உரிமையுள்ள மற்ற நிர்வாகிகளும் அவற்றைப் பார்த்து மாற்றலாம். செய்தி முதலில் யார் காதில் விழுகிறதோ அவரே மாற்றிவிட்டு, மற்றவர்களிடம் சொல்லிவிடட்டும்.