சோளத்தில் குளூட்டன் இல்லை, அரைக்கிற மில்லில் இருக்கிறது

சீலியாக் நோய் என்று டாக்டர் சொன்னதும் சொந்தபந்தம் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: "கோதுமையை விட்டுட்டு ராகி, சோளம்னு சாப்பிட வேண்டியதுதானே?" சொல்வதில் தப்பில்லை. இந்த நோய் உள்ளவர்களின் சிறுகுடலைக் கெடுக்கும் குளூட்டன் என்கிற புரதம் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில்தான் இருக்கிறது. சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் கிடையாது. ஆனால் இது தானியத்துக்குப் பொருந்தும், மாவாகி நம் டப்பாவுக்கு வந்து சேர்ந்ததற்குப் பொருந்தாமல் போகலாம். 2010-இல் அமெரிக்காவில், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியங்களும் மாவுகளுமாக 22 மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தபோது 7-இல் வரம்பைத் தாண்டி குளூட்டன் இருந்தது. அந்த ஏழில் சிறுதானிய மாவும் சோள மாவும் உண்டு.

அந்த வரம்பு என்ன என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் குளூட்டன், அதற்கு மேல் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் போடக் கூடாது; இந்தியாவிலும் இதே கணக்குதான். கோதுமை மாவில் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக, ஒரு கிலோ சோள மாவைக் கெடுக்க ஒரு சிட்டிகை கோதுமை மாவு போதும். ஒரு டீஸ்பூன் விழுந்தது என்று வையுங்கள், இரண்டரை கிராம் வரும், அதில் 250 மில்லிகிராம் குளூட்டன், வரம்பைப் போல பன்னிரண்டு மடங்குக்கு மேல். அந்த மாவில் தினம் 150 கிராம் எடுத்து ரொட்டி தட்டினால் உள்ளே போவது 37 மில்லிகிராம். தினம் 50 மில்லிகிராம் என்று மூன்று மாதம் கொடுத்தபோது நோயாளிகளின் குடல் சேதமானதை 2007-இல் இத்தாலி மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள்; பொதுவாக 10-க்குள் இருந்தால் தேவலை என்பார்கள். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மில்லுக்கு வருவோம். தெருமுனை மாவு மில்லில் மூன்று நான்கு மிஷின் இருக்கும்; மிளகாய்க்குத் தனி, ஈர அரிசிக்குத் தனி. இதைப் பார்த்துவிட்டு நம்முடையதற்கும் தனி இருக்கும் என்று நினைப்பதுதான் பலர் செய்கிற முதல் தவறு. காய்ந்த தானியம் எல்லாம் பெரும்பாலும் ஒரே மிஷினில்தான் போகும், கோதுமை, கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை போட்ட சத்துமாவு வரைக்கும். அதனால் "சுத்தமா அரைச்சுக் கொடுங்கண்ணே" என்று சொல்லிப் பயனில்லை, அவர் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார். கேட்க வேண்டியது, "அண்ணே, இந்த மிஷின்ல கோதுமை போடுவீங்களா?" என்று. போடுவேன் என்றால் அங்கே பேச்சு முடிந்தது.

அந்த மில்லை விட முடியாது என்கிறவர்கள் அடுத்து சொல்வது, முதலில் இரண்டு படி அரிசி போட்டு ஓட்டிவிடலாம் என்பது. மாவு விழும் வாயில் கட்டியிருக்கிற அந்தத் துணிக் குழாயை ஒருமுறை தட்டிப் பாருங்கள். எத்தனை பேர் மாவு அதன் மடிப்பில் ஒட்டியிருக்கிறது என்று தெரியும். கல் இடுக்கு, மேலே தானியம் கொட்டுகிற தொட்டியின் மூலை, கடைசியில் சலிக்கிற சல்லடை, எல்லாவற்றிலும் அதே கதை. அரிசி ஓட்டினால் குறையும், உண்மைதான். ஆனால் நமக்குத் தேவை ஒரு சிட்டிகைக்கும் கீழே குறைவது, அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய கோதுமை அங்கேயேதான் இருக்கும். அப்புறம், வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும், வறுத்தால் போய்விடும் என்பதெல்லாம் வேண்டாம். குளூட்டன் கிருமி இல்லை, புரதம். அடுப்புச் சூட்டில் சாகிற சமாச்சாரமே அல்ல, தோசை மாவு புளிக்கிறதனாலும் அது காணாமல் போகாது.

சரி, வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறோம் என்று முடிவெடுத்தவர்களும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: வாங்கும் தானியத்திலேயே கோதுமை கலந்திருக்கலாம். கடையில் ஒரே முறம், ஒரே தராசுத் தட்டு, ஒரே படி. ஒரு கோதுமை மணியில் ஏறக்குறைய 4 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும், அதாவது கிலோவுக்கு ஐந்து மணி கலந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். கேழ்வரகு, தினை, சாமை போன்ற பொடித் தானியங்களில் இது பெரிய தொல்லையில்லை, பொருத்தமான கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் கோதுமை மேலே நின்றுவிடும். சோளத்தில்தான் சிக்கல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமன், நீளவாக்கில் கோதுமை சோளத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். தட்டில் ஒரு கைப்பிடியாகப் பரப்பி, உருண்டைக்கு நடுவே நீளமாக, முதுகில் கோடு விழுந்திருப்பதைப் பொறுக்க வேண்டியதுதான். பொறுக்கியபின் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் மாவுத் தூசியும் போகும்.

உண்மையில் நம் சமையலுக்கு மில்லே தேவையில்லை, இதை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. மூன்று டம்ளர் சோளம், ஒரு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. எல்லாவற்றையும் ஊற வைத்து, சோளத்துக்கு மட்டும் எட்டு மணி நேரம் கொடுத்து, வீட்டு கிரைண்டரில் ஆட்டிப் புளிக்க விட்டால் தோசைக்கு ஆயிற்று. பொறுக்கி, கழுவி, ஊற வைத்து, நம் கண் முன்னால் அரைத்தது. உலர்ந்த மாவுதான் வேண்டும் என்றால் கழுவிக் காய வைத்த கேழ்வரகை மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைக்கலாம், ஜாரில் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கூட்டுக் குடும்பத்துச் சமையலறையில் தட்டையும் டம்ளரையும் நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். சோப்புப் போட்டுத் தேய்த்தால் எவர்சில்வர் சுத்தமாகிவிடும். கழுவ முடியாததுதான் வினை: சல்லடை, சப்பாத்திப் பலகை, கட்டை, கீறல் விழுந்த மரக்கரண்டி. இவை தனியாக வேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. கோதுமை தோசை வார்த்த கல்லில், துடைத்துவிட்டேன் என்று சொல்லி, சோள தோசை வார்க்கக் கூடாது. சப்பாத்தி மாவு தூவித் தேய்க்கும்போது பக்கத்தில் மூடாத மாவுப் பாத்திரம் இருக்கக் கூடாது, சீலியாக் உள்ளவருக்கு முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு அப்புறம் சப்பாத்தி போடுவது சுலபம். பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், கோதுமை மாவோ மைதாவோ போட்டிருப்பார்கள். ராகி சேமியா, தினை நூடுல்ஸ் பாக்கெட்டுகளிலும் முதல் பொருளே மைதாவாக இருப்பது சகஜம்.

கடைசியாக, "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்பதை நம்பாதீர்கள். வயிற்றுப்போக்கோ உப்புசமோ இல்லாமலே குடல் சேதமாகிக்கொண்டிருக்கலாம். டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனையின் அளவு, கோதுமையை நிறுத்தி ஓராண்டு தாண்டியும் இறங்காமல் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மாவு டப்பாவைத்தான். ஆனால் அளவு இறங்கிவிட்டாலும் சிறு கலப்படம் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, அந்தப் பரிசோதனைக்கு அவ்வளவு கூர்மை கிடையாது.