மொய் மாதத்திலும் பட்ஜெட் உடையாமல் இருக்க: பூஜ்ய பட்ஜெட் போடும் முறை

பூஜ்ய பட்ஜெட் என்றால் கையில் பணமே இல்லாமல் துடைத்துச் செலவழிப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. வந்த பணம் முழுவதற்கும் ஒன்றாம் தேதியே ஆளுக்கொரு வேலை சொல்லிவிட வேண்டும். வேலை சொல்லாத பணம் மட்டும்தான் பூஜ்யம். சேமிப்பும் ஒரு வேலைதான்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் வாடகையோ மளிகையோ இல்லை, மொய். ஆடியில் ஒரு பத்திரிகையும் வராது, ஆவணி பிறந்ததும் வரிசையாக வந்து நிற்கும். அதனால் ஆகஸ்ட் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஹார்டுவேர் கடையில் வேலை, மனைவி வீட்டில் தையல். இப்படி ஒரு வீடு.

முதலில் வரவு. கடைச் சம்பளம் 24,000. தையல் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே இந்த மாதம் எவ்வளவு வரும் என்று ஊகிக்க வேண்டாம். ஜூலையில் தைத்து வாங்கி வைத்த 6,000 ரூபாயை எழுதுங்கள். ஆகஸ்டில் தைப்பது செப்டம்பருக்கு. கையில் இருக்கும் பணத்துக்குத்தான் வேலை கொடுக்க முடியும். ஆக 30,000.

அடுத்து, மாதந்தோறும் வராத செலவுகளை மாதத்துக்குப் பிரிக்க வேண்டும். புதிதாகப் போடுபவர்கள் விடுவது இந்த இடத்தைத்தான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,400 வருகிறதென்றால், பில் வராத மாதத்திலும் 700 ஒதுக்குங்கள். மொய்க்கு, போன வருஷம் கட்டிய தொகைகளையெல்லாம் கூட்டுங்கள். இந்த வீட்டில் 18,000 வந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,500. ஆடியிலும் அதே 1,500 போக வேண்டும்.

இப்போது நோட்டில் இப்படி இருக்கும்:

வாடகை – 6,500
மளிகை, பால், காய்கறி, கறி – 10,000
காஸ், கரண்ட் – 1,600
பள்ளி, வேன் – 2,500
பெட்ரோல், போன் – 2,300
நகைக்கடன் – 3,000
மொய் – 1,500
தீபாவளி – 1,000

கூட்டினால் 28,400. இன்னும் 1,600 சும்மா நிற்கிறது. "சரி, இருக்கட்டும்" என்று விட்டால் இருபதாம் தேதிக்குள் எங்கே போனதென்றே தெரியாது. மருத்துவத்துக்கு 600, அவசரத்துக்கு 1,000 என்று எழுதிவிடுங்கள். மொத்தம் 30,000, மீதி பூஜ்யம்.

மாத நடுவில்தான் சோதனை. மொய்த் தலைப்பில் முந்தைய மாதங்களின் மீதி 2,500 இருக்கிறது, இந்த மாத 1,500 சேர்த்தால் 4,000. ஆவணியில் வந்தது மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து. நெருங்கிய சொந்தத்துக்கு 2,001, மற்ற இரண்டு கல்யாணத்துக்கும் 1,001 வீதம், காதுகுத்துக்கு 501. ஆக 4,504. இடிப்பது 504 ரூபாய்.

இதை அடுத்த மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. இன்னொரு தலைப்பிலிருந்து அன்றைக்கே எடுத்து மாற்றி எழுத வேண்டும். கரண்டில் கை வைக்காதீர்கள், அந்த பில் வந்தே தீரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறியைக் குறைத்து, மளிகைத் தலைப்பை 9,496 ஆக்கி, மொய்யை 2,004 ஆக்குங்கள். மொத்தம் மாறவில்லை, அதே 30,000. மாற்றி எழுதினால் பட்ஜெட் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மாற்றாமல் செலவழித்தால்தான் தோற்றது.

மொய்யில் இன்னொன்று. நம் வீட்டு விசேஷத்தில் வரும் மொய்யை வருமானமாக நினைத்துச் செலவழிக்கக்கூடாது. விசேஷச் செலவு போக மிஞ்சுவதை அப்படியே மொய்த் தலைப்பில் போடுங்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம், வரும்போதே வேலையோடு வருகிறது.

மாதக் கடைசியில் ஒரு சரிபார்ப்பு. கடல் கடந்து கொண்டுவிக்கப் போன செட்டியார்கள் ஐந்தொகைக் கணக்கு எழுதியது போலத்தான், ஆனால் நமக்கு அரைப் பக்கம் போதும். எல்லாத் தலைப்புகளிலும் மிஞ்சியதைக் கூட்டுங்கள். செப்டம்பருக்கென்று வைத்திருக்கும் தையல் பணத்தையும் சேருங்கள். வங்கிக் கணக்கும் கைரொக்கமும் சேர்ந்து அதே தொகை வர வேண்டும். வங்கியில் குறைந்தால் ஏதோ செலவு எழுதப்படவில்லை. பெரும்பாலும் டீக்கடையிலும் பெட்டிக்கடையிலும் ஜிபேயில் போன இருபதும் ஐம்பதுமாக இருக்கும். போனில் பட்டியலைப் பார்த்தால் கிடைத்துவிடும்.

இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து மளிகையிலிருந்தே மொய்க்குப் பணம் போனால் 1,500 என்ற கணக்கு தப்பு. அதை 1,800 ஆக்கிவிட்டு, அந்த 300 எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதை ஒன்றாம் தேதியே வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.