முடிந்த செயற்றிட்டங்களின் பாடங்களைத் தொகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பல அலுவலகங்களில் இந்த வேலை ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் நடக்கிறது. முடிந்துபோன ஐந்தாறு செயற்றிட்டங்களின் நிறைவு அறிக்கைகளை ஒருவரிடம் கொடுத்து, "இதில் திரும்பத் திரும்ப வருகிற பிரச்சினைகளையும் பரிந்துரைகளையும் நாலு பக்கத்தில் தாருங்கள்" என்பார்கள். அவர் ஒவ்வொரு அறிக்கையிலும் "கற்ற பாடங்கள்" பகுதியை மட்டும் திறந்து, ஒத்த சொற்களைச் சேர்த்து எண்ணுவார். பெரும்பாலான தவறுகள் அந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகின்றன.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். இடங்கள் நிஜம், செயற்றிட்டங்கள் கற்பனை. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பழைய நீர்க்குழாய்களை மாற்றிய ஆறு செயற்றிட்டங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, நுகேகொடை அறிக்கைகள் தாமதத்துக்குக் காரணம் "ஒருங்கிணைப்புக் குறைபாடு" என்கின்றன. தெஹிவளை அறிக்கை மழையைச் சொல்கிறது. வத்தளை அறிக்கை ஒப்பந்தகாரரின் மெத்தனத்தைச் சொல்கிறது. களனி வேலை உரிய நேரத்தில் முடிந்தது, அதன் அறிக்கையில் பாடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சொற்களை எண்ணினால் முதலிடம் ஒருங்கிணைப்புக் குறைபாட்டுக்கு. "ஒருங்கிணைப்பை வலுப்படுத்த வேண்டும்" என்று ஒரு பரிந்துரையும் தயாராகிவிடும்.

இப்போது பாடப் பகுதியை மூடிவைத்துவிட்டு, அறிக்கையின் உள்ளே இருக்கும் திகதிகளைப் பாருங்கள். எக்ஸெல் தாளில் அறிக்கைக்கு ஒரு வரி போடாமல், நடந்த ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி போடுங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்திருக்க வேண்டும், எப்போது நடந்தது, அதற்கு முன் யார் என்ன முடிவு எடுத்தார் அல்லது எடுக்கவில்லை, அதற்கு எந்தக் கடிதம் அல்லது கூட்டக் குறிப்பு சான்று. அறிக்கை எழுதியவர் சொல்லும் காரணத்துக்கு வேறொரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். அதை அழிக்க வேண்டாம், நம்பவும் வேண்டாம்.

அப்படிப் போட்டால் படம் மாறுகிறது. கொட்டாஞ்சேனையில் நடந்தது, பழைய வரைபடத்தை நம்பித் தோண்டித் தொலைபேசிக் கேபிளை வெட்டியது. நுகேகொடையில் சாதாரண தரப் பரீட்சை நாட்களில் பாடசாலைக்குப் பக்கத்தில் இயந்திரத்தை ஓட்ட முடியாமல் வேலை நின்றது. வெள்ளவத்தையில் வீதி வெட்டும் அனுமதிக்கு விண்ணப்பித்ததே ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான். ஒரே பெயரில் மூன்று வேறு சங்கதிகள்.

தெஹிவளையில் தோண்டுவதற்குத் திட்டமிட்டிருந்தது பெப்ரவரி, மார்ச். அனுமதி வந்தது ஏப்ரல் கடைசியில். மே மாதம் தென்மேற்குப் பருவமழை வந்து பள்ளங்களில் தண்ணீர் நின்றது. மழை பொய்யில்லை, ஆனால் மே மாதத்தில் கொழும்பில் மழை பெய்வது யாருக்கும் புதினமில்லையே. அனுமதி நேரத்துக்கு வந்திருந்தால் அந்த மழையில் பள்ளமே திறந்திருக்காது. வத்தளையில் ஒப்பந்தகாரர் அனுமதிக்காகக் காத்திருந்து, ஆட்களை வேறொரு தளத்துக்கு அனுப்பிவிட்டார். அனுமதி கிடைத்தபோது திரும்பக் கூட்டிவர முடியவில்லை. தளத்தில் இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டால், "மெத்தனம் என்று எழுதினோம்தான் மிஸ், ஆனால் அவரை ரெண்டு மாதம் சும்மா வைத்திருந்ததே நாங்கள்தான்" என்பார். ஆக, ஒருங்கிணைப்பு, மழை, மெத்தனம் என்று மூன்று பெயர்களில் ஒளிந்திருந்த ஒரே காரணம், அனுமதிக்குப் பிந்தி விண்ணப்பித்தது.

இங்கேயே நிறுத்திவிடுவது அடுத்த தவறு. காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், நன்றாக முடிந்த செயற்றிட்டத்தின் கோப்பை யாரும் திறப்பதில்லை. களனியைப் பார்த்தால், அங்கேயும் அனுமதி வர அதே அளவு காலம்தான் எடுத்திருக்கிறது. ஆனால் வடிவமைப்பு நடக்கும்போதே விண்ணப்பித்ததால், அந்தக் காத்திருப்பு டெண்டர் காலத்துக்குள் அடங்கிவிட்டது. நுகேகொடையிலோ, கையெழுத்துக்குப் பிறகுதான் விண்ணப்பித்திருந்தும் அதனால் தாமதம் வரவில்லை. ஏன்? அங்கே வெட்டியவை மாநகர சபையின் உள்வீதிகள், அனுமதி சீக்கிரம் கிடைத்தது. அனுமதிக்காக நீண்ட காலம் காத்திருந்த நான்கு வேலைகளும் வெட்டியவை காலி வீதி, நீர்கொழும்பு வீதி, கண்டி வீதி. இவை ஏ தர வீதிகள், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. எனவே இந்த உதாரணத்தில் பாடம் எல்லா வேலைகளுக்கும் பொருந்தாது, பிரதான வீதியை வெட்டும் வேலைகளுக்குத்தான். இந்த எல்லையை எழுதாமல் விட்டால், நாளைக்கு ஒரு சின்ன ஒழுங்கை வேலைக்கும் தேவையில்லாத ஒரு படி கூடிவிடும்.

2022-இல் நடந்துகொண்டிருந்த செயற்றிட்டங்கள் நீங்கள் தொகுக்கும் அறிக்கைகளில் இருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, மே மாதத்துக்குள் 360 வரை போனது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. அந்தக் காலத்து அறிக்கை எதைத் திறந்தாலும் விலையேற்றம், எரிபொருள், நாணயக் கடிதம் திறக்க முடியாமை என்றுதான் இருக்கும். ஐந்து அறிக்கைகளில் வருகிறது என்பதற்காக அது ஐந்து முறை நடந்த காரணம் ஆகாது. ஒரே சம்பவம் ஐந்து பேரைத் தாக்கியிருக்கிறது. அதை "மீண்டும் மீண்டும் வரும் காரணம்" என்ற பட்டியலின் தலையில் வைத்தால், நாணய மாற்று விகிதத்தைப் பற்றி ஒரு பரிந்துரை எழுத வேண்டிவரும். அதை வைத்து அலுவலகம் என்ன செய்யும்? கேட்க வேண்டியது வேறு. அதே நெருக்கடிக்குள் எந்த வேலை நின்றது, எது தொடர்ந்தது? விலைச் சீராக்கல் வாசகம் இருந்த ஒப்பந்தங்கள் இழுத்துப்பிடித்து ஓடி, நிலையான விலையில் கையெழுத்திட்டவை நின்றுபோயிருந்தால், பாடம் அந்த வாசகத்தில் இருக்கிறது.

ஒரே ஆலோசகர் எழுதிய அறிக்கைகளையும் கவனியுங்கள். பழைய அறிக்கையைத் திறந்து, பெயரை மாற்றிச் சேமிப்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். மூன்று அறிக்கைகளில் ஒரு பந்தி எழுத்துப்பிழையோடு அப்படியே இருந்தால், அதை ஒரு சான்றாக மட்டும் எண்ணுங்கள்.

அப்புறம் பரிந்துரை. "உரிய அதிகாரிகளுடன் முன்கூட்டியே தொடர்புகொள்ள வேண்டும்" என்ற வசனம் ஆறு அறிக்கைகளிலும் ஏற்கெனவே இருந்திருக்கும். ஏழாவது தடவை எழுதி என்ன பயன்? ஒரு பரிந்துரையில் யார், எந்தக் கட்டத்தில், எந்தப் படிவத்தை மாற்றுகிறார், செய்தாரா என்று எப்படித் தெரியும் என்ற நான்கும் இருக்க வேண்டும். நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: "ஏ, பி தர வீதிகளை வெட்டும் வேலைகளில், செயற்றிட்டப் பொறியியலாளர் பாதை வரைபடம் முடிவானவுடன் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத் திகதியும் இலக்கமும் கோப்பில் இல்லாமல் டெண்டர் ஆவணத்துக்கு ஒப்புதல் கொடுக்கக்கூடாது. இதற்காக ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்க்கப்படும்." இதைப் பின்பற்றினார்களா என்று ஒரு வருடம் கழித்துக் கோப்பைத் திறந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

எழுதிய பரிந்துரையைத் தலைமையிடம் கொடுக்கும் முன், அதைச் செய்யப்போகிறவரிடம் காட்டுங்கள். அனுமதிக்குக் காலவரம்பு உண்டு, டெண்டர் இழுபட்டால் அது காலாவதியாகும் என்று பொறியியலாளர் சொல்லக்கூடும். அப்படியானால் விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்து, வேலை தொடங்கும் திகதியை மட்டும் பிறகு உறுதிப்படுத்த அதிகார சபை இடம்கொடுக்குமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் பரிந்துரைக்குள் எழுத வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கேபிள் ஒரு தடவைதான் நடந்தது, அதனால் பட்டியலில் இடம் இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். வெட்டியது மின்சாரக் கேபிளாக இருந்திருந்தால் ஓர் ஆள் போயிருப்பார். ஒரே தடவை நடந்தாலும் உயிருக்கு ஆபத்தான சம்பவங்களுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். தோண்டும் முன் கேபிள் கண்டறியும் கருவியால் பார்ப்பது, சந்தேகமான இடத்தில் கையால் ஒரு சோதனைக் குழி தோண்டுவது போன்ற பரிந்துரைகளுக்கு எண்ணிக்கை தேவையில்லை.