கார் ஏறும் பாதைக்கு எந்தத் தளம்?

பேவர் பிளாக் பதித்த பாதையில் சக்கரம் போகும் இரண்டு தடங்கள் மட்டும் குழிந்து, மழைத் தண்ணீர் அங்கே தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குறை பெரும்பாலும் கல்லில் இல்லை, அடித்தளத்தில். மண்மேல் நேராக மணலைக் கொட்டிக் கல்லை அடுக்கினால் இப்படித்தான் ஆகும். சுமார் 15 செ.மீ. ஜல்லியை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். அதன்மேல் 3 செ.மீ. மணல் போதும். பள்ளத்தை மணலால் மேவினால் மறுபடி இறங்கும். ஓரத்தில் கான்கிரீட் விளிம்பும் வேண்டும். இல்லாவிட்டால் கற்கள் விலகும்.

இடுக்கில் முளைக்கும் களை பெரும்பாலும் மேலே விழுந்த விதைதான். அடியில் ஷீட் விரித்து அதைத் தடுக்க முடியாது. இடுக்கை மணலால் நிறைத்து, அடிக்கடி பெருக்குங்கள்.

கனமான வண்டி வருமா? அப்போது கம்பி கட்டிய கான்கிரீட்தான் என் தேர்வு. களை குறைவு, ஆனால் தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு, வீட்டுக்கு எதிர்த்திசையில்.

தண்ணீர் வடியச் சரளைதான் எளிது. உருண்டைக் கூழாங்கல் மட்டும் வேண்டாம், சக்கரத்தடியில் உருளும். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். களை பிடுங்கும் வேலை இதில்தான் அதிகம்.