கடைசி லெக் மட்டும் பாக்கி: அக்யூமுலேட்டரை ஹெட்ஜ் செய்வது எப்படி?

ஐந்து கால்பந்து ஆட்டங்களைச் சேர்த்து 10 யூனிட் கட்டியிருக்கிறீர்கள். மொத்த ஆட்ஸ் 24. நான்கு லெக் வந்துவிட்டன, ஐந்தாவதில் சொந்த மைதானத்தில் ஆடும் அணி ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் கைக்கு 240 வரும், இல்லையென்றால் ஒன்றும் இல்லை. பந்தயம் கட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டும் எக்ஸ்சேஞ்சில் அந்த அணிக்கு லே போட்டால், அதாவது அது ஜெயிக்காது என்று கட்டினால், முடிவு எதுவானாலும் ஒரே லாபம் வரும்படி செய்யலாம்.

முதலில் எக்ஸ்சேஞ்சில் அந்த அணியின் இப்போதைய லே ஆட்ஸைப் பாருங்கள். உங்கள் சீட்டில் இருக்கும் பழைய ஆட்ஸ் இந்தக் கணக்கில் வராது. லே ஆட்ஸ் 2.42, கமிஷன் 2% (அதாவது 0.02) என்று வைத்துக்கொள்வோம்.

```
லே தொகை = முழு வரவு ÷ (லே ஆட்ஸ் − கமிஷன்)
        = 240 ÷ (2.42 − 0.02) = 100
```

பலரும் தடுமாறுவது ‘முழு வரவு’ என்ற இடத்தில்தான். கட்டிய 10-ஐக் கழித்து 230 என்று போடாதீர்கள். அந்த 10 ஏற்கெனவே போய்விட்ட பணம், இரண்டு முடிவிலும் ஒரே மாதிரி கழியும். ஜெயித்தால் கையில் வந்து சேரும் தொகை எவ்வளவோ, அதைத்தான் போட வேண்டும். இலவச பந்தயமாக இருந்து கட்டிய தொகை திரும்பி வராது என்றால், அப்போது 230 சரி.

சரிபார்த்துவிடுவோம். அணி ஜெயித்தால் 240 வரும். லேயில் 100 × 1.42 = 142 போகும், முதலில் கட்டிய 10-உம் போகும். மீதி 88. ஜெயிக்காவிட்டால் லேயில் கமிஷன் போக 98 வரும், 10 கழித்தால் அதே 88. இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால் எங்கோ எண் மாறியிருக்கிறது.

அந்த 142 தான் லயபிலிட்டி. லே போடும்போதே அது எக்ஸ்சேஞ்ச் கணக்கில் இருக்க வேண்டும். சீட்டின் 240 ஆட்டம் முடிந்த பிறகுதானே வரும்?

எக்ஸ்சேஞ்ச் இல்லாதவர்கள் டிராவிலும் எதிரணியிலும் தனித்தனியாகக் கட்டலாம். டிரா 3.40, எதிரணி 3.10 என்றால் 240-ஐ அவற்றால் வகுத்து 70.59, 77.42 கட்ட வேண்டும். மிஞ்சுவது சுமார் 82. இந்த விலைகளில் எனக்கு லேதான் பிடிக்கும்: லாபமும் கூட, ஒரே பந்தயத்தில் வேலையும் முடிந்துவிடும்.

லே போட்ட பிறகு, எதிர்ப்பக்கம் கட்ட ஆள் கிடைத்து முழு 100-உம் மேட்ச் ஆனதா என்று ஆட்டம் தொடங்கும் முன் பாருங்கள். 60 மட்டும் மேட்ச் ஆகியிருந்தால் பாதுகாப்பும் அந்த அளவுக்குத்தான்.

பின்சேர்க்கை: கடைசி லெக் டென்னிஸாக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கருத்தில் கேட்டிருந்தார்கள். வீரர் காயத்தால் பாதியில் விலகினால், சில இடங்களில் ஒரு செட் முடிந்திருந்தாலே பந்தயம் செல்லும், சில இடங்களில் ஆட்டம் முழுதும் முடிய வேண்டும். சீட்டு ஒரு விதியிலும் லே இன்னொரு விதியிலும் இருந்தால் ஒன்று ரத்தாகி மற்றது தோற்கலாம். அதனால் இரண்டு தளங்களின் விலகல் விதியையும் படித்துவிட்டு அப்புறம் லே போடுங்கள்.